ரோபோ எப்போது ஒரு ஆள் ஆகிறது? உணர்ச்சி வந்தாலா, அதன் பேச்சு செல்லுபடியானாலா?

பென்னாகரம் வாசகி:
ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி வாசிப்பு வட்டத்துல ரோபோ கதைகளைப் பத்திப் பேசணும். என் கட்சி: எந்திரன் படத்துல ரோபோ சிட்டிக்கு உணர்ச்சி வந்த நிமிஷமே அது ஒரு ஆள், அதுக்கு முன்னாடி வெறும் பொருள். இது நிக்குமா?

அரூர் மணி:
தாராளமா நிக்கும். தீ விபத்துக் காட்சியே சாட்சி. குளிச்சிட்டிருந்த பொண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிட்டு வந்து கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்துது. உயிரைக் காப்பாத்தியாச்சு, ஆனா மானம்னா என்னன்னு அதுக்குத் தெரியல. அவ கூனிக்குறுகி ஓடி வண்டியில அடிபட்டுச் செத்துப் போறா. அதுக்கப்புறம்தான் அதைச் செஞ்ச விஞ்ஞானி வசீகரன் உணர்ச்சியைச் சொல்லிக் கொடுக்கிறார். ஆள் எது, பொருள் எதுன்னு இயக்குநரே கோடு போட்டுக் கொடுத்துட்டாரு.

ஓசூர் வெல்டர்:
எங்க கம்பெனி லைன்ல ரோபோ கை வெல்டிங் பண்ணுது. வேலிக் கதவைத் திறந்தா நிக்கும், மூடி ரீசெட் அடிச்சா மறுபடி ஓடும். அதுக்கு எந்தக் காலத்துலயும் உணர்ச்சி வராது. வராத ஒண்ணுக்கு இவ்வளவு விவாதம் எதுக்குங்க?

நடுகல் தேடி:
வெல்டர் அண்ணா, அந்தக் கை ஆளாகுமா என்று யாரும் கேட்கவில்லை. கதைக்குள் ஒரு ரோபோவை ஆள் என்று நம்மை ஒப்புக்கொள்ள வைப்பது எது என்பதுதான் கேள்வி.

வாசகி, உங்கள் கோடு படத்தின் கடைசியில் அறுந்துபோகும். நீதிமன்றக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். கெடுதல் சிப்பை வைத்தது வில்லன் போராதான் என்று, தன்னிடம் பதிவாகியிருந்த காட்சியைச் சிட்டி எடுத்துக் காட்டுகிறது. அதை வைத்து வசீகரன் விடுதலையாகிறார். அடுத்ததாக, சிட்டியைப் பிரித்துப் போடச் சொல்லி உத்தரவு வருகிறது. காதல், பொறாமை, குற்ற உணர்ச்சி என்று எல்லா உணர்ச்சியையும் பார்த்துவிட்ட சிட்டி இது. அது கொடுத்த சாட்சியம் செல்லுபடியாகிறது, ஆனால் தன்னைப் பிரிப்பது பற்றி அதற்கு என்ன சொல்ல இருக்கிறது என்று அந்த மன்றத்தில் யாரும் கேட்கவில்லை. அதுவே தன் கைகால்களைக் கழற்றி வைக்கிறது. உணர்ச்சிதான் கோடு என்றால் இந்த இடத்தில் நடப்பது கொலை. படம் அதைக் கொலையாகவா காட்டுகிறது? சோகமான வழியனுப்பாகத்தான் காட்டுகிறது. ஆக உணர்ச்சி மட்டும் போதவில்லை.

என் கட்சி இது. ரோபோ உள்ளுக்குள் என்னவாக இருக்கிறது என்பதை நல்ல கதைகள் அளந்து முடிவு சொல்வதில்லை. அதன் விருப்பமோ மறுப்போ எந்த இடத்தில் செல்லுபடியாகிறது, எந்த இடத்தில் ஆகவில்லை என்பதைத்தான் பின்தொடர்கின்றன.

கிருஷ்ணகிரி கதிர்:
இதை ஏத்துக்க முடியல சார். அசிமோவ் 1976ல எழுதுன 'இருநூறு ஆண்டு மனிதன்' கதையை எடுங்க. அதுல வர்ற ரோபோ ஆண்ட்ரூ கடைசியில தன் மூளையையே அழியிற மாதிரி மாத்திக்கிறான். சாகப்போறான்னு தெரிஞ்ச பிறகுதான் உலக மன்றம் அவனை மனுஷன்னு அறிவிக்குது. சாவுதான் கோடு. சாகாத எதுவும் ஆள் கிடையாது.

நடுகல் தேடி:
கதிர், நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ஆனால் அது கதையின் கடைசிப் படி. முந்தின இரண்டு படிகளையும் சேர்த்துப் பார்த்தால் வேறு படம் தெரியும்.

முதலில் அவன் விடுதலை கேட்டு நீதிமன்றம் போகிறான். மரச்சிற்பம் செய்து அவன் சம்பாதித்த பணம் வங்கியில் இருக்கிறது, தன் விலையைத் தானே கொடுக்கத் தயார். எதிர்த்தரப்பு, ரோபோ விஷயத்தில் விடுதலை என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை என்கிறது. விடுதலையை விரும்புகிறவர்தான் விடுதலை பெற முடியும், நான் விரும்புகிறேன் என்று ஆண்ட்ரூ சொல்கிறான். அந்தச் சொல்லில்தான் தீர்ப்பு திரும்புகிறது. அவனுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது என்று அங்கே யாரும் திறந்து பார்க்கவில்லை.

அடுத்த படியைத்தான் வாசிப்பு வட்டத்தில் முழுதாகப் பேச வேண்டும். ஆண்ட்ரூ நூலகத்துக்குப் போகும் வழியில் இரண்டு பேர் மறிக்கிறார்கள். ஆடையைக் கழற்று என்கிறார்கள், கழற்றுகிறான். தலைகீழாக நில் என்கிறார்கள், நிற்க முயல்கிறான். அவனைப் பிரித்துப் போடலாம், தன்னைத்தானே பிரித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவன் சட்டப்படி சுதந்திரன், தீர்ப்பு கையில் இருக்கிறது. ஆனால் மனிதர் சொன்னால் கேட்க வேண்டும் என்ற, அசிமோவின் ரோபோ விதிகளில் இரண்டாம் விதி மூளைக்குள்ளேயே இருக்கிறது, 'முடியாது' என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. எஜமானக் குடும்பத்து ஜார்ஜ் வந்து, இவர்கள் பக்கம் நட என்று ஆண்ட்ரூவுக்குச் சொன்ன பிறகுதான் அவர்கள் ஓடுகிறார்கள். முதல் விதிப்படி ஆண்ட்ரூ யாரையும் தொட்டுக் காயப்படுத்த முடியாது, ஆனாலும் பயந்து ஓடுகிறார்கள். அதன் பிறகுதான், தனக்குத் தானே கெடுதல் செய்யும்படி ரோபோவுக்கு உத்தரவிடக் கூடாது என்று ஜார்ஜ் போராடிச் சட்டம் வாங்குகிறார்.

தீர்ப்பு கொடுத்த சுதந்திரத்தை, வழியில் போகிற இரண்டு பேர் ஒரு வார்த்தையில் பறிக்க முடிகிறது. உணர்ச்சி, சாவு என்று எந்தக் கோடு போட்டாலும் இந்தக் காட்சி அதற்குள் அடங்காது.

கிருஷ்ணகிரி கதிர்:
சரி, அந்தக் காட்சியை ஒத்துக்கிறேன். ஆனா மன்றம் கடைசியில எதைப் பார்த்து ஒப்புக்கொண்டுச்சு? அவன் சாவைத்தானே? அதுக்குப் பதில் வரல.

நடுகல் தேடி:
ஆமாம், அதைப் பார்த்துத்தான். ஆனால் சாவு அவனிடம் வாங்கிய விலை. சாகாத ஒன்றைத் தங்களோடு சரிசமமாக உட்கார வைக்க மனிதர்களுக்கு மனமில்லை, அந்தப் பயம் தீர அவன் உயிரைக் கொடுக்கிறான். சாவுதான் ஒருவரை ஆளாக்குகிறது என்று கதை சொல்வதாக எனக்குப் படவில்லை. நீங்கள் அப்படிப் படிக்கவும் கதை இடம் கொடுக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

பென்னாகரம் வாசகி:
சார், அப்போ யாரு ஆள்னு எந்தக் கதையுமே தேர்வு வெச்சு முடிவு பண்ணலயா? வட்டத்துல இதைக் கட்டாயம் கேப்பாங்க.

நடுகல் தேடி:
தேர்வு வைத்த ஒரு நாடகம் இருக்கிறதம்மா. ஸ்டார் டிரெக் தொடரில் 1989ல் வந்த, விண்கப்பலில் அதிகாரியாக இருக்கும் ரோபோ டேட்டாவின் விசாரணை. மேடாக்ஸ் என்ற விஞ்ஞானி டேட்டாவைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்கிறார். டேட்டா மறுத்துப் பதவி விலகுகிறான். விலகும் உரிமை அவனுக்கு உண்டா, இல்லை அவன் ஒரு சொத்தா என்று வழக்கு. எதிர்த்தரப்பு அவன் கையைக் கழற்றிக் காட்டி, பொத்தானை அழுத்தி அணைத்தே விடுகிறது. ஆள் என்றால் அறிவு, தன்னை அறிதல், பிரக்ஞை மூன்றும் வேண்டும் என்று மேடாக்ஸ் சொல்கிறார். முதல் இரண்டும் டேட்டாவிடம் இருப்பதை, அவனுக்காக வாதாடும் கேப்டன் பிக்கார்ட் காட்டிவிடுகிறார். மூன்றாவதை யாராலும் அளக்க முடியவில்லை. நீதிபதியும் அவனுக்கு ஆன்மா உண்டா என்று தீர்ப்பளிக்கவில்லை. அவன் சொத்து இல்லை, தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு, அவ்வளவுதான். அளக்க முடியாத அந்தக் கேள்வியை அவனே தேடிப் பார்க்கச் சுதந்திரம் கொடுத்துத் தீர்ப்பு சொன்னார்.

வட்டத்தில் பேசும்போது ஒரு தப்பு நேராமல் பாருங்கள். கதையில் ரோபோ எத்தனை தடவை அழுதது, சிரித்தது என்று எண்ண ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதில், அது 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். சொல்லவே இடமில்லாத கதையென்றால், யார் இடம் கொடுக்கவில்லை என்று கேளுங்கள்.

அரூர் மணி:
அப்போ சிட்டி கடைசியில 'வேண்டாம்'னு சொல்லவே இல்லயே. அதுவா சம்மதிச்சுதானே கழட்டுச்சு? அப்போ அது ஆள் இல்லன்னு ஆகுதா?

நடுகல் தேடி:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, மணி. மறுக்க வாய்ப்பு இல்லாதபோது வரும் சம்மதம் சம்மதமா என்று கேட்கலாம். ஆனால் மியூசியத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை ஏன் பிரிச்சாங்கன்னு கேட்கும்போது, தான் சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று சிட்டியே சொல்கிறது. அதைக் குறையாகச் சொல்கிறதா, ஒப்புக்கொண்டு சொல்கிறதா என்று இரண்டு விதமாகவும் கேட்க முடிகிறது.

கிருஷ்ணகிரி கதிர்:
நடுகல் சார், உங்க பேருக்கே வர்றேன். செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லுல மாட்டுக்காகச் செத்த வீரனோட அவன் நாய் கோவிவனையும் செதுக்கி வெச்சிருக்காங்க, கள்ளனைக் கடிச்சதைச் சொல்லி. பேரோட. அந்த நாய் எந்த மன்றத்துலயும் 'வேண்டாம்'னு சொல்லல. ஊர்க்காரங்கதான் அதை ஒரு ஆளா எண்ணுனாங்க. அப்போ ஆள்ங்கிறது கேட்டு வாங்குறதா, சுத்தி இருக்கிறவங்க கொடுக்கிறதா?

நடுகல் தேடி:
அந்தக் கல் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எடுத்தது சரியான உதாரணம், என் வாதத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. சுஜாதாவின் ஜீனோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் இயந்திர நாய்தான். ஆனால் ஆண்ட்ரூவுக்கு அவன் வீட்டுச் சின்னப் பெண் அந்த மதிப்பைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டாள், ஊர்தான் கொடுக்கவில்லை. எத்தனை பேர் கொடுத்தால் போதும் என்று உங்கள் கட்சி சொல்ல வேண்டிவரும்.

பென்னாகரம் வாசகி:
என் கட்சியை மாத்திக்கிறேன். ஆண்ட்ரூ நூலகத்துக்குப் போற வழிக் காட்சியை முதல்ல வாசிச்சு, அதுக்கப்புறம் எடுத்தனூர் நாயைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். கதிர் அண்ணா, அந்தக் கல்லோட படம் இருந்தா அனுப்புங்க.