ஜெல்லில் 1 கிலோபேஸ் எங்கே போனது?

சிங்கப்பூர் பாலிடெக்னிக் ஒன்றில் படிக்கிறேன். லேப் அனுபவமுள்ள அண்ணன், அக்காமார் உதவுங்கள்.

என் வட்டப் பிளாஸ்மிட் 6 கிலோபேஸ். எக்கோஆர்-1 வெட்டினால் 6-இல் ஒரே பட்டை. அதாவது ஒரே வெட்டிடம். பாம்எச்-1 வெட்டினால் 4, 2. இரண்டையும் சேர்த்தால் மூன்று துண்டுகள் வரவேண்டும். வந்ததோ 4, 1 மட்டும். கூட்டினால் 5தான்!

2 கிலோபேஸ் துண்டை எக்கோஆர்-1 சரிபாதியாக வெட்டி, இரண்டு துண்டுகளும் ஒரே இடத்தில் ஓடியிருக்குமோ? ஒளிர்வு டிஎன்ஏ எடையைப் பொறுத்தது. ஒரே துண்டென்றால் 4-இன் பட்டையில் கால்வாசிதான் மின்ன வேண்டும். எனக்கோ பாதியளவு மின்னுகிறது (கண் மதிப்புதான்).

ஓடியது 1 சதவீத அகரோஸ். 2 சதவீதத்தில் நெடுநேரம் ஓட்டினால் பிரியுமா? அச்சுப் பிசகாமல் சமமென்றால் பிரியாதே, அப்போது வேறு எந்த நொதியைச் சேர்ப்பது?