புதுப்பிப்பு: மாம்பழப் பதிவின் கடைசி வரியை மாற்றிய பிறகு

சென்ற மாதம் நான் கேட்டது: “கிருஷ்ணகிரித் தோட்டத்து மாம்பழத்தைப் பற்றிப் பதிவு போட்டால் லைக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. கடைசி வரியில் என்ன எழுதுவது?”

பழைய வரி அழைக்கவும், சேமிக்கவும், பகிரவும், நேரில் வரவும் சொன்னது. விளம்பரத் துறையில் இருக்கும் ஓசூர் அண்ணன் சொன்னபடி அதை, “செந்தூரா 5 கிலோ பெட்டி வேண்டுமென்றால் உங்கள் ஊரின் பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்” என்று மாற்றினேன். இணைப்பைத் தொட்டதும் “ஊர்:” என்று தயாராக இருக்கும்படி, wa.me இணைப்பில் எண்ணுக்குப் பின் `?text=ஊர்:` என்று சேர்த்தேன். ஊர் தெரிந்ததால், பார்சல் கட்டணத்தையும் சேர்த்து முதல் பதிலிலேயே முழு விலையைச் சொல்ல முடிந்தது. முன்பு விலை கேட்டவர்கள் மறைந்தது அந்த இடத்தில்தான்.

“சேமிக்கச் சொல்லுங்கள்” என்ற தம்பியின் யோசனை பாதி சரி. காயை வைக்கோலில் பழுக்க வைக்கும் முறையைச் சொன்ன பதிவுக்கு அது பொருந்தியது. விற்பனைப் பதிவைச் சேமித்தவர் திரும்பி வருவதற்குள் பெட்டிகள் தீர்ந்துவிட்டன.

தருமபுரியில் அழகு நிலையம் நடத்தும் அக்கா தம் கடைக்கும் ஒரு வரி கேட்டார். “சனிக்கிழமை காலைக்கு நேரம் பதிவு செய்யுங்கள்” என்பது நல்ல வரிதான். ஆனால் அவர் கொடுத்துள்ள இணைப்பு நேரம் பதியும் பக்கத்துக்குப் போகாமல் முகப்புக்குப் போகிறது.

வாட்ஸ்அப் பழகாத பெரியவர்களுக்காகத் தொலைபேசி எண்ணையும் சேர்ப்பதா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அண்ணன் வேண்டாம் என்கிறார். அப்பா வேண்டும் என்கிறார்.