விடிய முட்ட அடிச்ச பெற்றோல் மத்தியானம் மூடியால வழியுது, எங்க பிழை?

கரைச்சி வயல்
காபரேட்டர் வைச்ச மோட்டார் சைக்கிள், 10 லீற்றர் தாங்கி. விடிய 6 மணிக்குக் கிளிநொச்சியில மூடி வாய் மட்டும் அடிச்சு, 3 கிலோமீற்றர் ஓடி வயல்கரையில சைட் ஸ்ராண்டில விடுறது. 12 மணிக்கு மூடியைச் சுத்தி ஈரம். இடப்பக்கமா வழிஞ்சு பெயின்ற்றும் மங்குது. அரை லீற்றர் அளவு போகுது. மூடி றப்பர் புதுசு. வேற என்ன மாத்தோணும்?

முறிகண்டிச் சந்தி
றப்பரில பிழையில்லை. வெயிலுக்குப் பெற்றோல் ஆவியாகி அமத்துது, அதுதான் தள்ளுது. சித்திரையில முழுத் தாங்கி அடிச்சா வெடிக்கும். அரைத் தாங்கிக்கு மேல ஒருக்காலும் அடிக்க வேண்டாம்.

வவுனியா கராஜ்
ஆவி தள்ளுது எண்டது சரி. வெடிக்கும் எண்டது பிழை, அரைத் தாங்கியும் தேவையில்லை. தம்பி, முதல்ல கணக்கைப் பாருங்கோ. பெற்றோல் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் ஆயிரத்தில ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய விரியும். பெற்றோல் செட்டில நிலத்துக்குக் கீழ இருக்கிற பெற்றோல் 28 பாகை எண்டு வைப்பம். வெயில் குடிச்ச தாங்கிக்குள்ள அது 48 ஆனால், 10 லீற்றருக்கு 190 மில்லிலீற்றர் கூடும். ஒரு தேத்தண்ணிக் கப் அளவு. இரும்புத் தாங்கியும் விரியும்தான், ஆனால் அதால கிடைக்கிற இடம் 10 மில்லிலீற்றரும் வராது. 3 கிலோமீற்றருக்கு எரிஞ்சது 60 மில்லிலீற்றர். மிச்சம் எங்க போறது?

அதே தாங்கியை முட்ட அடிச்சுக்கொண்டு ஏ9 வீதியால நேர வவுனியாவுக்கு வந்தால் ஒரு சொட்டும் வழியாது. வழியிலயே ஒரு லீற்றருக்கு மேல எரிஞ்சிடும். அடிச்ச உடனே வெயிலில விடுறதுதான் பிழை.

கரைச்சி வயல்
அண்ணை, கணக்கு விளங்குது. ஆனா 190இல 60 கழிச்சா 130தானே. அரை லீற்றர் எப்பிடிப் போகுது?

வவுனியா கராஜ்
நல்ல கேள்வி, அங்கதான் முறிகண்டி சொன்ன ஆவி வருது. மூடியில ஒரு சின்னக் காத்துத் துவாரம் இருக்கு. நிமிர்ந்து நிக்கிற வண்டியில காத்தும் ஆவியும் அதால வெளியேறும், பெற்றோல் உள்ளயே இருக்கும். சைட் ஸ்ராண்டில வண்டி இடப்பக்கம் சாயும்போது தாங்கியின்ர வலப்பக்க மூலை உயருது. அதுக்குள்ள காத்து அடைபடும். துவாரத்தைப் பெற்றோல் மூடிக்கொண்டிருக்கும். அடைபட்ட காத்தும் ஆவியும் சூட்டுக்கு அமத்த, வெளியில போறது காத்தில்லை, பெற்றோல். மட்டம் துவாரத்துக்குக் கீழ இறங்கும் வரைக்கும் அது நிக்காது.

பெற்றோல் அடிக்கேக்க வண்டியை நடு ஸ்ராண்டில நிமித்துங்கோ. மூடி வாயிலயிருந்து உள்ளுக்கு இறங்கிற கழுத்தின்ர அடி விளிம்பைப் பெற்றோல் தொட்டதும் போதும். கழுத்துக்குள்ள பெற்றோல் நிக்கப்படாது. 2022இல வரிசையில நிண்ட காலத்திலயிருந்து கன பேர் கழுத்தையும் நிரப்பித்தான் வீட்டை போகினம், அந்தப் பழக்கத்தை விடோணும்.

கரைச்சி வயல்
இண்டைக்கும் முட்டத்தான் அடிச்சிருக்கு. இப்ப என்ன செய்ய?

வவுனியா கராஜ்
சூட்டோட மூடியைத் திறக்காதேங்கோ, பெற்றோல் பீச்சும். எஞ்சினில விழுந்தா நெருப்புப் பிடிக்கும். நிமித்தி நிழலுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோல் கட்டையைப் பூட்டுங்கோ. எஞ்சின் ஆறினாப் பிறகு கட்டைக் குழாயைக் கழட்டி, அரை லீற்றரைத் தகரக் கானில இறக்குங்கோ. கிட்ட பீடி, நெருப்பு ஒண்டும் வேண்டாம்.

பிறகு ஒருநாள் பாதித் தாங்கியோட அதே வெயிலில விட்டுப் பாருங்கோ. அப்பவும் மூடியடி ஈரமெண்டா றப்பர் சரியா இருக்கேல்லை. கீழ காபரேட்டரால சொட்டி, கட்டையைப் பூட்ட நிண்டா மிதவை ஊசி தேஞ்சிருக்கு.

மாங்குளம் உழவு
என்ர ட்ரக்டருக்கும் இதே கதைதான். டீசல் 45 லீற்றர். இரவில முட்ட நிரப்பி விட்டால் தாங்கிக்குள்ள தண்ணி பிடிக்காது எண்டு சொல்லுறினமே, அதை என்ன செய்யிறது?

வவுனியா கராஜ்
டீசல் பெற்றோலிலும் கொஞ்சம் குறைய விரியும். 45 லீற்றருக்கு 20 பாகை ஏறினால் முக்கால் லீற்றர். வேலை செய்யேக்க பம்பால திரும்பி வாற சூடான டீசலும் தாங்கியைச் சூடாக்கும். ரெண்டு லீற்றர் இடம் விடுங்கோ, அவ்வளவு இடத்துக்குள்ள பெரிசாத் தண்ணி பிடிக்காது.

முறிகண்டிச் சந்தி
மார்கழியில பிடிக்கும். பனி விழுற காலம் தண்ணி வடிகிற கிண்ணத்தில பாத்தா தெரியும்.

வவுனியா கராஜ்
அது தாங்கியில பிடிச்ச தண்ணியோ, கானில வந்த தண்ணியோ எண்டு கிண்ணத்தைப் பாத்துச் சொல்லேலாது.