புதிய கார்டு வந்த பிறகு மாதச் சந்தா பிடிக்கப்படவில்லை: வங்கியும் நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள்

முத்தியால்பேட்டை ஸ்டுடியோ:
வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நானும் என் கணவரும் சிறிய போட்டோ ஸ்டுடியோ ஒன்றை நடத்துகிறோம். திருமணப் படங்களைப் பத்திரமாக வைப்பதற்காக ஓர் இணையச் சேமிப்பகத்திற்கு மாதம் 1,180 ரூபாய் சந்தா செலுத்துகிறோம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி டெபிட் கார்டிலிருந்து அது தானாகவே போய்விடும். சென்ற மாதம் 18-ஆம் தேதி பேருந்து நிலையத்தில் கார்டு தொலைந்துபோனதால் அன்றே அதை முடக்கினேன். 26-ஆம் தேதி வேறு எண்ணுடன் புதிய கார்டு வந்தது. இம்மாதம் 6-ஆம் தேதி, பணம் பெற இயலவில்லை என்றும், பதினைந்து நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் புதிய படங்களை ஏற்ற முடியாது என்றும் மின்னஞ்சல் வந்துவிட்டது. புதிய கார்டை அவர்கள் தளத்தில் சேர்க்க முயன்றால், ஓடிபி கேட்பதற்கு முன்பே நிராகரிக்கப்படுகிறது. அதே கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்க முடிகிறது என்பதால், கார்டில் குறையில்லை என்று வங்கிக் கிளையில் கூறுகிறார்கள். பிரான்சில் இருக்கும் என் தம்பிக்குக் கார்டு மாறியபோது அவர் எதையும் தொடவில்லை, சந்தாக்கள் தாமாகவே தொடர்ந்தன. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கடலூர் முதுநகர்:
சகோதரி, கவலைப்பட வேண்டாம். கார்டு மாறினால் புதிய எண்ணையும் காலாவதித் தேதியையும் கார்டு வலையமைப்பே நிறுவனங்களுக்குத் தெரிவித்துவிடும். உங்கள் தம்பிக்கு நடந்ததும் அதுதான். சில நாட்கள் பொறுத்திருந்தால் உங்களுக்கும் சரியாகிவிடும்.

நெல்லிக்குப்பம் ஓய்வாசிரியர்:
இதைப் படித்ததும் எனக்கு அச்சமாகிவிட்டது. என் வீட்டுக் கடன் தவணையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகத்தான் பிடிக்கப்படுகிறது. அதைப் பதிவு செய்தபோது டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்தேன். அந்தக் கார்டு அடுத்த மாதம் காலாவதியாகிறது. தவணை தவறிவிடுமா?

லாஸ்பேட்டை (கார்டு பிரிவில் பணியாற்றியவர்):
முதுநகர் நண்பர் சொல்வது வெளிநாட்டைப் பொறுத்தவரை உண்மை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே அவ்வாறு தகவலைப் புதுப்பிக்கும் சேவையை நடத்துகின்றன. ஆனால் அது, நிறுவனம் கார்டு எண்ணைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்ற அடிப்படையில் உருவான ஏற்பாடு. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் எந்த வணிக நிறுவனமும் உங்கள் கார்டின் முழு எண்ணை வைத்திருக்கக் கூடாது. அவர்களிடம் இருப்பது, அந்த எண்ணுக்குப் பதிலாக நிற்கும் டோக்கன் என்ற மாற்றுக் குறியீடு மட்டுமே. அந்தக் கார்டு, அந்த நிறுவனம் ஆகியவற்றின் சேர்க்கைக்கென்றே உருவாக்கப்பட்டதால் அது வேறெங்கும் செல்லாது. கார்டு மாறும்போது, முன்பு பதிவு செய்த நிறுவனங்களோடு புதிய கார்டை இணைக்க வேண்டுமானால் வங்கி உங்களுடைய வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே, காத்திருப்பதால் பயனில்லை.

அம்மா, உங்களுக்கு நேர்ந்திருப்பவை ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த இரண்டு தனித்தனித் தடங்கல்கள் என்று நினைக்கிறேன். உறுதி செய்துகொள்ள ஒரு கேள்வி: 4-ஆம் தேதியோ அதற்கு முன்போ, இன்ன நாளில் இவ்வளவு தொகை பிடிக்கப்படும் என்ற குறுஞ்செய்தி வங்கியிலிருந்து வந்ததா?

முத்தியால்பேட்டை ஸ்டுடியோ:
இல்லை, ஐயா. முந்தைய மாதங்களில் தவறாமல் வந்திருக்கிறது, இம்முறை வரவேயில்லை.

லாஸ்பேட்டை:
அப்படியானால் தெளிவாகிறது. இதுபோன்ற கார்டுவழிச் சந்தாப் பிடித்தம் என்றால், குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்பே வங்கி உங்களுக்கு அறிவித்தாக வேண்டும். அந்தச் செய்தி வந்து, பிறகு பணம் போகாமல் இருந்தால், மேண்டேட், அதாவது தானாகப் பிடித்துக்கொள்ள நீங்கள் வங்கியில் பதிவு செய்த அனுமதி, உயிருடன் இருக்கிறது, இருப்புக் குறைவு போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று பொருள். செய்தியே வரவில்லை என்றால், கோரிக்கை மேண்டேட் வரை போய்ச் சேரவே இல்லை. உங்கள் மேண்டேட் முடக்கப்பட்ட பழைய கார்டோடு கட்டப்பட்டிருந்தது. கார்டோடு அதுவும் செயலிழந்துவிட்டது. இது முதல் தடங்கல்.

இரண்டாவது, புதிய கார்டைச் சேர்க்க முடியாதது. 2020 மார்ச் 16 முதல், புதிதாகவோ மறுபடியோ வழங்கப்படும் கார்டு, இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடைக் கருவியிலும் செருகிப் பயன்படுத்துவதற்கு மட்டுமே திறந்த நிலையில் வருகிறது. இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நாமே திறந்துவிட வேண்டும். பழைய கார்டில் என்றோ திறந்துவைத்தது புதியதற்குக் கைமாறி வராது. கிளையில் ஏடிஎம்மை வைத்துச் சோதித்ததால்தான் குறையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சோதித்த கதவு வேறு, மூடியிருக்கும் கதவு வேறு.

ஆகவே முதலில் வங்கிச் செயலியில் கார்டுக் கட்டுப்பாடு என்னும் பகுதிக்குச் சென்று இணையப் பயன்பாட்டைத் திறந்து, அதன் வரம்பு பூஜ்யமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் மறுக்கப்பட்டால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் திறந்து பாருங்கள். தொகை ரூபாயில் காட்டப்பட்டாலும் பணத்தைப் பெறும் நிறுவனம் வெளிநாட்டில் இருக்கக்கூடும். அதன்பின் கார்டைப் புதிதாகச் சேருங்கள். ஓடிபி பக்கத்தில் மேண்டேட் பதிவு பற்றிய குறிப்பும் உச்சத் தொகையும் இருக்கின்றனவா என்று நின்று படியுங்கள். வெறும் 1,180 ரூபாய்க்கான ஓடிபி என்றால், நிலுவை மட்டும் தீரும். அடுத்த மாதம் இதே கதைதான்.

நெல்லிக்குப்பம் ஐயாவுக்கு: உங்களுடையது வேறு வகை. கடன் தவணைகள் பெரும்பாலும் நாச் என்ற, கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் முறையில் வங்கிக் கணக்கு எண்ணின்மீது பதிவாகின்றன. அன்று நீங்கள் கொடுத்த கார்டு, கணக்கு உங்களுடையதுதான் என்று மெய்ப்பிப்பதற்காக மட்டுமே. கார்டு காலாவதியாவதால் தவணை நிற்காது. இருப்பினும் கடன் ஒப்பந்தத்தில் கணக்கு எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலூர் முதுநகர்:
திருத்தியதற்கு நன்றி. ஆனால் சென்ற ஆண்டு என் கார்டு காலாவதியாகி, அதே எண்ணில் புதிய தேதியுடன் வந்தபோது, இரண்டு சந்தாக்களில் ஒன்று தானாகவே தொடர்ந்தது, மற்றொன்று நின்றுவிட்டது. நான் எதற்கும் ஒப்புதல் தந்ததாக நினைவில்லை. இதற்கு விளக்கம் என்ன?

லாஸ்பேட்டை:
எண் மாறாத புதுப்பித்தலில் இத்தகைய கலவையான அனுபவங்களை நானும் கேட்டிருக்கிறேன். டோக்கனுக்குப் பின்னால் இருக்கும் காலாவதித் தேதியை வங்கியும் வலையமைப்பும் நிறுவனத்தின் கைபடாமலேயே மாற்ற முடியும். ஒப்புதலை வங்கி உங்கள் கண்ணில் படாத ஒரு திரையில் கேட்டிருக்கவும் கூடும். எந்தச் சந்தாவில் எது நடந்தது என்பதை வெளியிலிருந்து சொல்ல இயலாது. தொலைந்து வேறு எண்ணில் வந்த கார்டுக்கு மட்டும் எதுவும் தானாக நடக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

முத்தியால்பேட்டை ஸ்டுடியோ:
ஐயா, நீங்கள் சொன்னபடியே இணையப் பயன்பாடு மூடியிருந்தது. திறந்ததும் ஓடிபி வந்தது, மேண்டேட் குறிப்பும் இருந்தது, 1,180 ரூபாயும் போய்விட்டது. இப்போது வங்கிப் பக்கத்தில் பழைய கார்டின் மேண்டேட்டும் புதியதும் இரண்டுமே நடப்பில் இருப்பதாகக் காட்டுகின்றன. இரண்டு முறை பிடித்துவிடுவார்களோ? பழையதை நீக்கிவிடலாமா?

லாஸ்பேட்டை:
முடக்கப்பட்ட கார்டில் பணம் போகாது. ஆகவே இரட்டைப் பிடித்தம் வராது. அவசரப்பட்டு நீக்காதீர்கள். மேண்டேட்டை நீங்கள் விலக்கிக்கொண்டால் அந்தச் செய்தி நிறுவனத்திற்கும் போகும். சந்தா அவர்கள் தளத்தில் இன்னும் பழைய கார்டையே சுட்டிக்கொண்டிருந்தால், சந்தாவையே நீங்கள் நிறுத்திவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும். கார்டைப் பட்டியலில் சேர்ப்பது ஒன்று, சந்தாவை அந்தக் கார்டுக்கு மாற்றுவது இன்னொன்று. முதலில் சந்தாப் பக்கத்தில் புதிய கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு பழையதை நீக்குங்கள்.

முத்தியால்பேட்டை ஸ்டுடியோ:
நல்ல வேளை, கேட்டேன். அங்கே பழைய கார்டின் இலக்கங்களே இருந்தன, இப்போது மாற்றிவிட்டேன். அடுத்த மாதம் 4-ஆம் தேதிக்குள் குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்த பிறகே பழைய மேண்டேட்டில் கை வைப்பேன். வந்தாலும் வராவிட்டாலும் இங்கே எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பம் ஓய்வாசிரியர்:
ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், கணக்கு எண்தான் இருக்கிறது. ஆனால் பேத்தியின் வகுப்புச் சந்தா என் கார்டில்தான் போகிறது என்று என் மகள் இப்போதுதான் சொல்கிறாள்.