கேப்ஷனில் எந்த ரேஞ்சை முதலில் போடுவது?

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரியில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் வேலை பார்க்கிறேன். டெஸ்ட் ரைடு போஸ்டருக்குக் கேப்ஷன் எழுத உங்கள் உதவி வேண்டும்.

ஒரு முழு சார்ஜில் வண்டி ஓடும் தூரம், அதாவது ரேஞ்ச், கம்பெனி கணக்கில் 120 கி.மீ. அது ஐடிசி எனும் இந்திய டிரைவிங் சைக்கிள் சோதனையில் வந்த கணக்கு. ஆய்வகத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் அதிகபட்ச வேகமே 42 கி.மீ. தான். நம் சாலையில் அப்படியா போகிறோம்?

போன வாரம் நானும் நண்பரும் ஏறி, வியர்க்கும் மதிய வெயிலில், வேளச்சேரி, கிண்டி, தாம்பரம் என்று சுற்றினோம். நார்மல் மோடு, 50 வேகம். சார்ஜ் 100-லிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கியபோது 64 கி.மீ. ஓடியிருந்தது. முழு சார்ஜுக்குச் சுமார் 80 வரும்.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது இது:

"ஐடிசி ஆய்வகச் சோதனையில் 120 கி.மீ. இரண்டு பேர், நார்மல் மோடு, 50 வேகத்தில் நாங்கள் ஓட்டியபோது சுமார் 80 கி.மீ. லைசென்ஸோடு வாங்க, நீங்களே ஓட்டிப் பாருங்க."

முதலாளி 120-ஐப் பெரிதாகவும், நிபந்தனையை அடியில் பொடி எழுத்திலும் போடச் சொல்கிறார். 80-ஐ நம்பி வாங்குபவர் திட்டிக்கொண்டு திரும்பி வர மாட்டார் என்பது என் எண்ணம். இரண்டையும் ஒரே அளவில், சுருக்கமாகச் சொல்ல வரி இருந்தால் கமெண்டில் எழுதுங்களேன்.