தந்தை விடுப்புக் கடிதம்: வாசகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். டர்பனில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. அடுத்த மாதக் கடைசியில் எங்களுக்கு முதல் குழந்தை. மனைவியும் வேலைக்குப் போகிறாள். நான்கு மாத விடுப்பு அவளுக்கு, மீதிப் பத்து நாள் எனக்கு என்று பேசி வைத்திருக்கிறோம்.

கம்பெனிக் கையேட்டில் குழந்தை பிறந்தால் "குடும்பப் பொறுப்பு விடுப்பு, மூன்று நாள்" என்றுதான் இருக்கிறது. அது 2020க்கு முந்தைய சட்டம். 2020 முதல் தந்தைக்குத் தொடர்ச்சியாகப் பத்து நாள் இருந்தது. 2025 அக்டோபரில் வந்த தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பெற்றோர் இருவரும் வேலையில் இருந்தால் மொத்தம் நான்கு மாதமும் பத்து நாளும் பங்கிட்டுக் கொள்ளலாம். என் பங்குப் பத்து நாளில் சனி ஞாயிறும் சேர்த்தி. ஆனால் கம்பெனி சம்பளம் தர வேண்டியதில்லை, யு.ஐ.எஃப். என்ற அரசு வேலையின்மைக் காப்பீட்டு நிதியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லவும் வேண்டும், அதனால்தான் இந்த அவசரம்.

எழுதியது இது:

"எங்கள் குழந்தை இம்மாதம் 28 வாக்கில் பிறக்கும் என எதிர்பார்க்கிறோம். பிறக்கும் நாளிலிருந்து தொடர்ச்சியாகப் பத்து நாள் பெற்றோர் விடுப்பு எடுக்கிறேன். தேதி மாறினால் உடனே தெரிவிப்பேன். இந்த நாட்களுக்குக் கம்பெனி சம்பளம் தருமா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

"இம்மாதம்" என்பதை "அடுத்த மாதம்" என்று மாற்றிவிடுவேன், அதை விடுங்கள். என் சந்தேகம் வேறு. "எடுக்கிறேன்" என்பது எச்.ஆர். அம்மாவுக்கு அதட்டலாகப் படுமா? "அனுமதி வேண்டுகிறேன்" என்றால் மறுக்க இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? கையேடு பழசு என்பதைக் கடிதத்திலேயே சொல்லலாமா, நேரில் பேசலாமா? இங்கே இப்படி எழுதிக் கொடுத்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.