கலைச்சொல்: டான்சில் அழற்சியில் 'காத்திருப்பு' என்று எழுதலாமா?

கோமதி:

வணக்கம். பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் டான்சில் அழற்சி பற்றிச் சிங்கப்பூர்ப் பெற்றோருக்கான சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். மருந்துக்கும் அறுவைக்கும் சொல் கிடைத்துவிட்டது. இடையில் உள்ளதுதான் இழுக்கிறது: அறுவைக்கு அவசரப்படாமல், பிள்ளைக்கு எத்தனை முறை வருகிறதென்று ஓராண்டு பார்ப்பது. 'விழிப்புடன் காத்திருத்தல்' என்று போட்டேன். படித்துப் பார்த்த இரண்டு தாய்மார்களும், "அப்ப ஆபரேஷனுக்கு வரிசையில இருக்கணுமா?" என்று கேட்டார்கள். பலதுறை மருந்தகத்தில் 'காத்திருப்பு' என்றாலே எண் வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு என்ன சொல்லலாம்?

ஜமால்:

'மருந்தின்றிப் பார்த்தல்' என்று வைத்துவிடலாமே, கோமதி அக்கா. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. இரண்டு மூன்று நாள் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துப் பார்க்கிறோம், குறையாவிட்டால் மருந்து தொடங்குகிறோம். அதைத்தானே இந்தச் சொல் குறிக்கிறது? டான்சிலுக்கு 'உள்நாக்கு' என்ற நல்ல தமிழ் இருக்கும்போது ஆங்கிலம் எதற்கு என்பது என் இன்னொரு கேள்வி.

இளங்கோ:

ஜமால் சொன்ன வைரஸ் விஷயம் சரி. மற்ற இரண்டும் சரியில்லை.

உள்நாக்கு என்பது தொண்டை நடுவில் தொங்குவது. டான்சில் அதன் இரு பக்கமும் இருக்கும் சதை. "உள்நாக்கு எடுக்கணும்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அறுவைக்கு ஒப்புதல் கேட்கும் தாளில் அந்தக் குழப்பம் கூடாது. 'அடிநாச்சதை' துல்லியம்; நம் தாய்மார்களுக்கு 'டான்சில்'தான் தெரியும். டான்சில் என்றே எழுதுங்கள்.

பெரிய சிக்கல் வேறு. இங்கே இரண்டு விதப் பொறுமை கலந்துவிட்டது. முதலாவது நாள் கணக்கு: இன்று தொண்டை வலிக்கிற பிள்ளைக்கு மருந்து இன்றே வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா என்பது. இரண்டாவது மாதக் கணக்கு: திரும்பத் திரும்ப வருகிற பிள்ளைக்கு டான்சிலை எடுப்பதா என்பது. கோமதி கேட்பது இரண்டாவதை. அந்த ஓராண்டிலும் ஸ்ட்ரெப் கிருமியால் வந்த அழற்சி என்று தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். பெனிசிலினோ அமாக்சிசிலினோ, வழக்கமாக 10 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பாட்டிலை மூடி வைத்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. ஆகவே 'மருந்தின்றி' என்று பெயர் வைத்தால், கையேட்டைப் படித்த தாய் கொடுக்க வேண்டிய மருந்தையும் நிறுத்திவிடுவார்.

சாந்தி:

இந்தப் பேச்சை இப்போதுதான் பார்த்தேன். என் மகனுக்கு 5 வயது, பாலர் பள்ளியில் படிக்கிறான். இந்த வருடம் தொண்டை வலி ஒரே ஒரு தடவைதான் வந்தது. ஆனால் ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறான், நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறான். நீங்கள் சொல்கிற காத்திருப்பு எங்களுக்கு எத்தனை மாதம் வரும்? ஓராண்டு கணக்கெடுக்க வேண்டுமா?

இளங்கோ:

வேண்டாம், அம்மா. அது வேறு வழி. டான்சில் பெரிதாகி மூச்சுப் பாதையை அடைத்தால், அழற்சி எத்தனை முறை வந்தது என்ற கணக்கு அங்கே செல்லாது. ஒரு முறைகூட வராத பிள்ளைக்கும் அந்தக் காரணத்துக்காக எடுப்பதுண்டு. மகன் தூங்கும்போது மூச்சு நிற்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து, இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார்.

கோமதி, இந்தக் கேள்வியையே உங்கள் கையேட்டில் போடலாம். சொல் தவறினால் யார் யார் தவறான வரிசையில் நிற்பார்கள் என்று இதிலேயே தெரிகிறது.

கோமதி:

சரி, டாக்டர். அப்படியானால் அந்த ஓராண்டில் பெற்றோர் உண்மையில் செய்வது என்ன? செய்கிற வேலையிலிருந்து பெயர் பிறக்கட்டும்.

இளங்கோ:

எண்ணுகிறார்கள். ஓராண்டில் 7 முறை, அல்லது ஆண்டுக்கு 5 வீதம் இரண்டு ஆண்டு, அல்லது ஆண்டுக்கு 3 வீதம் மூன்று ஆண்டு. இதற்குக் குறைவாக இருந்தால் பொதுவாக அறுவையைப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் எல்லாத் தொண்டை வலியும் கணக்கில் சேராது. வலியோடு இந்த நான்கில் ஒன்றாவது இருந்து, மருத்துவர் எழுதியும் வைத்திருக்க வேண்டும்: 38.3 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் வலிக்கும் அல்லது பெரிதான நெறிக்கட்டி, டான்சிலில் வெள்ளைப் படலம், ஸ்ட்ரெப் பரிசோதனையில் கிருமி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தொடக்கநிலை 1 மாணவி, "இந்த வருஷம் எட்டுத் தடவை" என்கிறார் தாய். எட்டு எம்சியும், அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டும், கையில் இருக்கின்றன. எம்சியில் பெரும்பாலும் நாள்தான் இருக்கும், நோய் இருக்காது. மருந்தகக் குறிப்பைப் புரட்டினால், அதில் இரண்டு அதே நோய்க்கு மறுபடி போனவை. மூன்று, சளியும் இருமலுமாய்க் காய்ச்சலே இல்லாதவை. மிஞ்சுவது மூன்று. ஏழு எங்கே, மூன்று எங்கே! இந்த மாணவிக்கு இப்போது கத்தி வேண்டாம். இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்தாலே வைரஸ் என்ற சந்தேகம் கூடும். அட்டவணையில் அதற்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

இப்படி விட்டுப் பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்பார்கள். அறுவை செய்யாத பிள்ளைகளிலும் பலருக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் தானாகவே குறைகிறது. அறுவையிலோ ஒன்றிரண்டு வாரம் விழுங்கவே கடும் வலி, அதோடு இரத்தக் கசிவு அபாயம். அது முதல் நாளில் வரலாம், அல்லது 5 முதல் 10 நாளுக்குள் புண்ணின் பொருக்கு உதிரும்போது வரலாம். வீட்டுக்கு வந்து நன்றாய் இருக்கிறதே என்று நினைக்கும் வாரம் அது.

ஜமால்:

புரிகிறது, என் சொல்லை விலக்கிக்கொள்கிறேன். அப்படியானால் 'கண்காணிப்பு'?

கோமதி:

அதில் நன்னடத்தைக் கண்காணிப்பு வாடை அடிக்கிறது, தம்பி. பிள்ளை ஏதோ குற்றம் செய்ததுபோல. நான் யோசிப்பது 'குறித்து வருதல்'. "ஓராண்டு குறித்து வாருங்கள்" என்று மருத்துவரும் வாயால் சொல்லலாம், அட்டவணைத் தலைப்பிலும் பொருந்தும். வரிசையில் நிற்பது என்ற பொருள் துளியும் வராது.

இளங்கோ:

நன்றாயிருக்கிறது. எனக்கு ஒரு குறை மட்டும்: குறிப்பதோடு வேலை முடிந்தது என்று தோன்றும். எச்சில் விழுங்க முடியாமல் வடிதல், வாயைத் திறக்க முடியாமை, ஒரு பக்கம் மட்டும் வீக்கம், குரல் கம்மி அடைத்துப்போதல் என்று வந்தால், எந்த அட்டவணையும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டினால் இப்படித்தான் ஆரம்பிக்கும். மூச்சுத் திணறினால் 995 அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். 'கவனித்து வருதல்' என்றால் இதுவும் அடங்குமே?

கோமதி:

'கவனித்து' என்றால் பிள்ளையைப் பராமரிப்பது என்றும் ஆகிவிடுகிறது, டாக்டர். "மாமியார் கவனித்து வருகிறார்" என்கிறோமே. அபாயக் குறிகளைத் தனிக் கட்டமாக அட்டவணைக்கு மேலேயே போடுகிறேன். பெயர் இப்போதைக்கு 'குறித்து வருதல்'.

எண்ணிக்கைக்கு வரும் ஒவ்வொரு அழற்சியையும் என்ன சொல்வது என்பது இன்னும் பாக்கி. 'தடவை' என்று எழுதினால் மருந்தகத்துக்குப் போன தடவையை எண்ணுகிறார்கள் என்று எட்டு எம்சி உதாரணமே காட்டிவிட்டது. 'நோய்வரவு' என்று ஒன்று வைத்திருக்கிறேன், வாயில் ஒட்டவில்லை. வேறு தோன்றினால் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.

சாந்தி:

நாங்கள் வீட்டில் "திரும்பவும் வந்துடுச்சு" என்போம். அதில் ஏதாவது சொல் இருக்கிறதா பாருங்கள். புதன்கிழமைக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன்.